'ஆகுல நீர' தண்ணீர் அல்ல, பிள்ளைகளே

இரண்டாம் தவணை விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது. 42 தாள்கள். திருத்தி முடித்துவிட்டேன், கோபம்தான் முடியவில்லை. ஒரு குறளைக் கொடுத்து, 'இதன் பொருளை இக்கால எளிய நடையில் எழுதுக' என்று கேட்டிருந்தோம். 5 புள்ளி. குறள் இது:

மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்
ஆகுல நீர பிற.

அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் 34ஆவது குறள். பிள்ளைகள் பாடமாக்கிய குறள்தான், ஒருவரும் அதைப் பிழையாக எழுதவில்லை. பொருளைத்தான் இப்படி எழுதியிருந்தார்கள்:

"மனதில் அழுக்கு இல்லாமல் இருப்பதே அனைத்து அறங்களும் ஆகும். மற்ற அறங்கள் எல்லாம் கலங்கிய நீரைப் போன்றவை. ஆகவே தானம் செய்வதாலும் கோயிலுக்குப் போவதாலும் பயனில்லை என்று வள்ளுவர் கூறுகிறார்."

ஒரு பிள்ளை எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். 9 தாள்களில் இதே மூன்று வசனம், இதே சொற்கள். விசாரித்ததில் ஒரு ரியூசன் கொட்டிலில் கொடுத்த நோட்ஸ் என்று தெரிந்தது. எது என்று இங்கே எழுதப் போவதில்லை. இப்படி நோட்ஸ் கொடுக்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

முதலில் தண்ணீர்க் கதையை முடித்துவிடுகிறேன். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'நீர்' என்று இல்லை, 'நீர' என்று இருக்கிறது. ர-வுக்கு மேலே குற்று இல்லை. 'நீர்மை' என்றால் தன்மை. 'நீர' என்றால் 'தன்மை உடையவை'. 'கண்கள் கரிய' என்றால் கண்கள் கரியவை என்பதுதானே? அதே அமைப்புத்தான். 782ஆவது குறளிலும் வள்ளுவர் இதே சொல்லை வைத்திருக்கிறார்: 'நிறைநீர நீரவர் கேண்மை'. அறிவுள்ளவர்களின் நட்பு, பிறை நாளுக்கு நாள் நிறைவது போன்ற தன்மை உடையது என்கிறார். அங்கே தண்ணீரை ஊற்றினால் நிலாவே நனைந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு 'நீர்' என்றால் தண்ணீர், எதிரில் நிற்கிற ஆளும் நீர். இரண்டும் இங்கே உதவாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 'புறந்தூய்மை நீரான் அமையும்' என்று 298ஆவது குறள் இருக்கிறது. உடம்பின் சுத்தம் தண்ணீரால் வரும், உள்ளத்தின் சுத்தம் வாய்மையால் தெரியவரும் என்று சொல்வது. அதையும் பிள்ளைகள் பாடமாக்கியிருக்கிறார்கள். மனம், மாசு, நீர் என்ற மூன்று சொல்லையும் ஒன்றாகக் கண்டவுடன் மூளை அங்கே ஓடிவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் இது நடக்கும், பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் ஆறுதலாக இருந்து நோட்ஸ் தயாரித்தவருக்கு என்ன சாட்டு?

'ஆகுலம்' என்ற சொல்லுக்குக் கலக்கம் என்ற பொருளும் உண்டு. அதைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் 'கலங்கிய நீர்' ஆக்கியிருக்கிறார்கள். இந்தக் குறளில் அது ஆரவாரம். வெறும் சத்தம், பகட்டு. பரிமேலழகர் 'ஆரவார நீர்மைய' என்று எழுதிவைத்தார். அவருடைய உரையைத் தேடித் திருத்தி அச்சேற்றியவர்களில் ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு கலங்கிய நீர் என்று எழுதுகிறோம். சரி, விடுவோம்.

'அனைத்து' என்ற சொல்லில் நான் இவ்வளவு கோபிக்கமாட்டேன். இன்றைக்கு அனைத்து என்றால் எல்லாம். அன்றைக்கு 'அவ்வளவு' என்ற பொருளும் அதற்கு இருந்தது. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' உங்களுக்குத் தெரியும். தொட்ட அனைத்து ஊறும். மணலைத் தோண்டத் தோண்ட, தோண்டிய அளவுக்குத் தண்ணீர் ஊறும். (இங்கே தண்ணீர் உண்டு, தாராளமாக எழுதலாம்.) அதே பொருளை 34ஆவது குறளில் வைத்துப் பாருங்கள்: மனத்தில் குற்றம் இல்லாமல் இருத்தல், அறம் என்பது அவ்வளவுதான். 'அதுவே எல்லா அறமும்' என்று ஒரு பிள்ளை எழுதினாலும் நான் புள்ளி குறைப்பதில்லை, கருத்துக் கெடவில்லை. ஆனால் 'அனைத்தறன்' என்பதைப் பிரிக்கத் தெரியாமல், அறனை 'அரன்' ஆக்கி, 'சிவபெருமானே அனைத்தும்' என்று எழுதிய தம்பிக்குப் பக்தி நிறைய இருக்கிறது, அந்த வரிக்குப் புள்ளி இல்லை. அறன் என்பது அறம்தான். கடைசி எழுத்து மாறி வந்திருக்கிறது.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அது 'பிற' என்ற இரண்டெழுத்துச் சொல்லில் இருக்கிறது.

குறளின் கடைசிச் சீர் அது. ஆனால் இரண்டாவது வசனத்தின் எழுவாய் அதுதான். பாட்டில் கடைசியில் நிற்பதை முன்னால் கொண்டுவந்து 'பிற ஆகுல நீர' என்று வாசிக்க வேண்டும். மற்றவை ஆரவாரத் தன்மை உடையவை. இதுவரை சரி. எந்த மற்றவை? நோட்ஸ்காரர் 'மற்ற அறங்கள்' என்கிறார். வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. அறம் இன்னது என்று முதல் அடியிலேயே வரையறுத்து முடித்துவிட்டார். அந்த வரையறைக்கு வெளியே நிற்பதுதான் 'பிற'. வெளியே நிற்பது எப்படி இன்னொரு அறமாகும்? மனத்தில் குற்றத்தை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க வேண்டும் என்று பேசுவதும் செய்வதும்தான் அது. பரிமேலழகர் 'சொல்லும் வேடமும்' என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்.

'தானத்தால் பயனில்லை' என்ற வசனம் எவ்வளவு பிழை என்று அறிய ஒரு குறள் மேலே ஏறினால் போதும். 33ஆவது குறள்: 'ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே செல்லும்வாய் எல்லாம் செயல்'. உன்னால் முடிந்த வகையில், இடைவிடாமல், முடிந்த இடமெல்லாம் நல்ல செயலைச் செய் என்கிறார். அதைச் சொல்லி வாய் மூடுமுன் அடுத்த குறளில் 'செய்யாதே, மனம் சுத்தமாக இருந்தால் போதும்' என்று ஒருவர் சொல்வாரா? செய் என்று சொன்னவர், செய்கிறபோது உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று தொடர்ந்து சொல்கிறார். தனிக்குறளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பொருள் சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. அதிகாரத்தில் இருப்பது பத்தே பத்துக் குறள். வாசிக்கப் பத்து நிமிடம் போகாது.

ஒரு குறள் கீழே இறங்கினால் 'மாசு' எது என்பதும் கிடைக்கும். 'அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல் நான்கும் இழுக்கா இயன்றது அறம்.' பொறாமை, பேராசை, கோபம், கடுஞ்சொல் நான்கையும் விலக்கி நடப்பது அறம். முதல் மூன்றும் உள்ளே இருப்பவை, நாலாவது அவற்றில் இருந்து வாய்க்கு வருவது. ஆகவே விடையில் 'மன அழுக்கு' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், பொறாமை, பேராசை, கோபம் போன்ற குற்றங்கள் என்று எழுதுங்கள். (அழுக்காறு என்பதை 'அழுக்கு ஆறு' என்று பிரித்த தாளும் கட்டில் இருக்கிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடுகிற வழுக்கையாறுதான் இருக்கிறது, அதையும் அழுக்காக்கிவிட்டார்கள்.)

அந்த 9 பேரில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தினேன்.

"கோயில் அன்னதானத்துக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு மூடை அரிசி கொடுக்கினம். ஒருத்தர் பசியோட வாற சனம் சாப்பிடட்டும் எண்டு குடுக்கிறார். மற்றவர் பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தது பொறுக்காமல், ஒலிபெருக்கியில தன்ர பேரும் வரவேணும் எண்டு குடுக்கிறார். எது அறம்?"

"முதலாவது, ரீச்சர்."

"அப்ப இரண்டாவது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அதுவும் அரிசிதானே ரீச்சர், சனம் சாப்பிடும்தானே?"

நல்ல கேள்வி. நோட்ஸில் இல்லாத கேள்வி. சாப்பிட்டவருக்கு இரண்டு மூடையும் ஒன்றுதான், பசி தீரும். இந்தக் குறள் சாப்பிட்டவரைப் பற்றிப் பேசவில்லை, கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறது. 'மாசிலன்' என்றால் குற்றம் இல்லாதவன், ஓர் ஆளைக் குறிக்கிற சொல். அந்த இரண்டாவது ஆளுக்கு அது அறமாகச் சேராது, ஒலிபெருக்கிச் சத்தமாக நின்றுவிடும். அந்தச் சத்தத்தின் பெயர்தான் ஆகுலம். அதற்காக அரிசியைத் திருப்பிக் கொண்டுபோ என்று வள்ளுவர் சொல்லவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்ஸ் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். பொருளை எழுதுமுன் முன்குறளையும் பின்குறளையும் வாசித்துவிட்டு எழுதுங்கள். பிள்ளைகளே, குறளைப் பிரித்து எழுதுங்கள், எழுவாய் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், தெரிந்த சொல்லாகத் தோன்றுவதில்தான் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். 'ஆகுலம்' தெரியாது என்றால் அகராதியைத் திறப்பீர்கள். 'நீர', 'அனைத்து', 'பிற' மூன்றும் தெரியும் என்று நினைத்ததால்தான் ஒருவரும் திறக்கவில்லை. 'வள்ளுவர் கூறுகிறார்' என்ற வாலும் தேவையில்லை. அவர் கூறியது வினாத்தாளிலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளை அடுத்த நாள் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தது இது:

"நல்ல செயல் செய்யும் ஒருவர், பொறாமை, பேராசை, கோபம் போன்ற குற்றங்கள் தம் மனத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும். அறம் என்பது அவ்வளவுதான். மனத்தில் குற்றத்தை வைத்துக்கொண்டு பிறர் பார்க்கப் பேசுவதும் செய்வதும் வெறும் ஆரவாரமே."

'ஒருவன்' என்று தொடங்கி, வெட்டி, 'ஒருவர்' ஆக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நானும்தானே ரீச்சர்" என்றாள்.

5 புள்ளியும் போட்டேன். தவணைப் புள்ளியில் அது சேராது என்று சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.