‘சரி.’ ஏன் சுடுகிறது?

“நாளைக்கு மீட்டிங்கை 11 மணிக்கு வச்சுக்கலாமா?” என்று கேட்கிறீர்கள். “சரி” என்று வந்தால் ஒன்றும் தோன்றாது. “சரிங்க” என்று வந்தால் நிம்மதி. “சரி.” என்று வந்தால், கோபமோ, பிடிக்கவில்லையோ என்று மனசு கேட்க ஆரம்பிக்கும். கூடுதலாக வந்தது ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான்.

இது வெறும் பிரமை இல்லை. 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் சிறு சிறு உரையாடல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒருவர் எங்காவது வரச் சொல்லி அழைப்பார், மற்றவர் ஒரே சொல்லில் சம்மதிப்பார். குறுஞ்செய்தியாகக் காட்டியபோது, முற்றுப்புள்ளி வைத்த பதிலில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அது ஆங்கிலத்தில் நடந்த ஆய்வு. ஆனால் காரணம் எந்த மொழிக்கும் பொதுவானது.

தாளில் ஒரு வாக்கியம் முடிந்ததைச் சொல்ல முற்றுப்புள்ளியை விட்டால் வேறு வழியில்லை. சாட்டில் அந்த வேலையை அனுப்பும் பொத்தான் செய்துவிடுகிறது. ஒவ்வொரு செய்தியும் தனிக் கட்டத்துக்குள் வந்து உட்காருவதால், கட்டத்தின் விளிம்பே முடிவைச் சொல்லிவிடும். அதனால் கடைசிப் புள்ளி வேலையில்லாத குறியாகிறது. வேலையில்லாத ஒன்றை ஒருவர் மெனக்கெட்டு வைத்தால், படிப்பவர் அதற்கு அர்த்தம் தேடுவார். குரலும் முகமும் கூட வராத இடத்தில், கையில் கிடைத்த துப்பு அது ஒன்றுதானே. இரண்டு மூன்று வாக்கியம் சேர்ந்த நீளமான செய்தியில் புள்ளிக்கு உண்மையான வேலை இருப்பதால் அங்கே அது உறுத்துவதில்லை. ஒற்றைச் சொல் பதிலில்தான் அது சுடுகிறது.

எழுதுகிறவருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். தட்டும்போது அவருக்குள் அவருடைய சொந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். 2005இல் உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் தங்கள் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் அனுப்பும் வாக்கியம் கிண்டலா நிஜமா என்பதை எதிராளி 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். ஆகவே அனுப்பும் முன் செய்தியை, நீங்கள் நினைக்காத குரலில், கடுப்பாக, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்தக் குரலிலும் அது கச்சிதமாகப் பொருந்தினால் மாற்றி எழுத வேண்டும்.

மாற்றுவதற்கு எமோஜியைத் தேடி ஓட வேண்டியதில்லை. தமிழில் குரலின் பெரும்பகுதி வினையின் வாலிலேயே இருக்கிறது. “அனுப்பவும்” என்ற வடிவத்தைப் பாருங்கள். அதில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. யாரைப் பார்த்தும் பேசாத வடிவம் என்பதால்தான் அறிவிப்புப் பலகைக்கு அது பொருந்துகிறது, தெரிந்தவருக்கு அனுப்பினால் சுற்றறிக்கை மாதிரி விழுகிறது. “அனுப்புங்க” நேராகக் கேட்கிறது. “அனுப்பிடுங்க”வில் வரும் ‘விடு’ வேலை முடிந்தாக வேண்டும் என்ற அழுத்தத்தைச் சேர்க்கிறது. “அனுப்புறீங்களா” மறுக்கவும் இடம் கொடுக்கிறது. அதே ‘விடு’ நம் பக்கம் திரும்பினால் வாக்குறுதி: “வரேன்” என்பது தகவல், “வந்துடுறேன்” என்பது உறுதி. “வரப் பாக்குறேன்” என்றால் பாதி மறுப்பு, எதிராளியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது சுருக்கெழுத்து. அது பிறந்தது இடப் பற்றாக்குறையில். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு ஒரு குறிக்கு 16 பிட் தேவை, அதனால் 70தான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறி. ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஏழு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, உயிரெழுத்துகளை உதிர்த்து, ‘அப்புறம்’ என்பதை aprm என்று எழுதும் பழக்கத்துக்கு இந்த நெருக்கடி நன்றாகவே தீனி போட்டது.

இன்றைய சாட் செயலிகளில் அந்த நெருக்கடி இல்லை. சுருக்கம் இப்போது மிச்சப்படுத்துவது இடத்தை அல்ல, உழைப்பை. நெருங்கியவர்களுக்குள் அது “உன்கிட்ட என்ன சம்பிரதாயம்” என்று கேட்கும். நீளமாக, யோசித்து எழுதியவருக்கு வெறும் k என்று பதில் போனால், ok-இல் இருக்கும் இன்னொரு எழுத்தைக்கூட உங்களுக்காகத் தட்ட மனமில்லை என்று கேட்கும். எதிராளி செலவழித்த உழைப்புக்குப் பக்கத்தில் உங்களுடையது எவ்வளவு என்பதே இங்கே அளவுகோல்.

தொனி போக, பொருளே புரண்டுவிடும் ஆபத்தும் உண்டு. vali theriyala என்று வந்தால் வழி தெரியவில்லையா, வலி தெரியவில்லையா? vrla என்றால் வரல, vrlam என்றால் வரலாம். ஒரு m விட்டுப்போனால் சம்மதம் மறுப்பாகிவிடும். pls, msg, aprm போன்றவை சிதைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆமாம்-இல்லை சொல்லும் வினையை மட்டும் முழுசாகத் தட்டுங்கள், முடிந்தால் தமிழ் எழுத்திலேயே.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடமிருந்து அறிக்கை வரவேண்டும். முதலில் தட்டியது இது: “ரிப்போர்ட் இன்னும் அனுப்பலையே. உடனே அனுப்பவும்.” ‘அனுப்பலையே’ என்பதில் தவறு செய்தவர் அவர், கடைசி ‘ஏ’ அதைச் சுட்டிக்காட்டும் விரல். வினையை அவரிடமிருந்து எடுத்து அறிக்கையின் மேல் வைத்தால், “ரிப்போர்ட் இன்னும் வரலைங்க” என்றாகிறது. இணையக் கோளாறாகக்கூட இருக்கலாம் என்ற இடைவெளி அதில் இருக்கிறது. ‘உடனே’ என்பது அவசரத்தைக் காட்டுகிறதே தவிர நேரத்தைச் சொல்வதில்லை. அங்கே காரணத்தையும் நேரத்தையும் வையுங்கள். ‘அனுப்பவும்’ போய்க் கேள்வி வரட்டும். இப்போது: “சார், ரிப்போர்ட் இன்னும் வரலைங்க. 4 மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பணும், 3க்குள்ள கிடைக்குமா?” நீளம் கூடியிருக்கிறது, ஆனால் “எப்போ வேணும்?” என்று இன்னொரு சுற்று ஓடாது. முழுவதையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். “சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் தட்டிக்கொண்டிருந்தால், என்னமோ ஏதோ என்று அவர் பதறுவார்.

அவரிடமிருந்து “சரி.” என்று வந்தால், உடனே புண்பட வேண்டாம். அவருடைய பழைய செய்திகளில் ஒரு பத்தை மேலே தள்ளிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முற்றுப்புள்ளி இருந்தால் அது கடிதம் எழுதிப் பழகிய கை, அவ்வளவுதான். இன்றைக்கு மட்டும் புதிதாக முளைத்திருந்தால், அடுத்த செய்தியைத் தட்டாமல் போனைப் போடுங்கள்.