ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல்: எத்தனையாவது நாள் என்று பாருங்கள்

ஆபரேஷன் முடிந்த அன்று இரவு தெர்மாமீட்டர் 100.8 காட்டினால் உறவினர்கள் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிடுகிறார்கள். அதே நோயாளி வீட்டுக்குப் போய் ஆறாவது நாள் 101 காட்டும்போது, 'ஆபரேஷன் உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் பயப்பட வேண்டியது இரண்டாவது காய்ச்சலுக்குத்தான்.

கத்தி பட்ட இடத்தில் திசுக்கள் சிதைகின்றன, அதைச் சரிசெய்ய உடம்பு சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது, அவை மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் போய் அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடுகின்றன. இதற்குக் கிருமியே தேவையில்லை. ஆபரேஷன் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப இந்தச் சூடும் கூடும். வயிற்றைத் திறந்து செய்ததற்கு அதிகம், சிறு துளை போட்டுச் செய்ததற்குக் குறைவு. வழக்கமாக முதல் இரண்டு நாட்களில் 100.4க்குச் சற்று மேலே போய், மூன்றாம் நாளுக்குள் தானாக இறங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாததுதான் இந்த ஆரம்பக் காய்ச்சலுக்குக் காரணம் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குச் சான்று வலுவாக இல்லை. அதற்காக மூச்சுப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம், அது நிமோனியா வராமல் இருக்க உதவும்.

காயத்தில் புகுந்த கிருமி பெருகிச் சீழ் கட்ட நேரம் எடுக்கும். அதனால் காயத்தின் தொற்று பொதுவாக ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும், சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரும். இப்போதெல்லாம் அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிவிடுவதால், இதை முதலில் பார்க்கிறவர் டாக்டர் இல்லை, வீட்டில் இருப்பவர்தான்.

இப்படி ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உண்டு, குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்து ஆபரேஷன். மறுநாள் 100.8, இரண்டாம் நாள் 100.2, மூன்றாம் நாள் 99, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஆறாம் நாள் மாலை 101.3. பாராசிட்டமால் போட்டதும் 99க்கு வந்தது, சரி போய்விட்டது என்று விட்டார்கள். விடியற்காலையில் மறுபடி அதே 101. மாத்திரை நான்கு முதல் ஆறு மணி நேரம் எண்ணை மட்டும் இறக்கி வைக்கும், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். (அதனால் மாத்திரைக்கு முன்பே அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.)

வந்தபோது பிளாஸ்திரிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால் தையலின் கீழ் முனையில் தோல் சிவந்து, தொட்டால் சூடாக, அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி முந்தின நாளிலிருந்து கூடியிருந்தது, காய்ச்சலைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. இரண்டு தையலை எடுத்ததும் சீழ் கொட்டியது. கழுவி, காயத்தின் வாயைத் திறந்தே வைத்துக் கட்டினோம், மறுநாள் காய்ச்சல் இல்லை. சேர்ந்திருக்கும் சீழை வெளியேற்றாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் பலிக்காது, எனவே வீட்டில் மீதியிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் கடத்துவது வீண். குடல்வால் வெடித்தவர் என்பதால் வயிற்றுக்குள்ளும் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தோம், இல்லை.

ஆறாம் நாள் 101 வந்துவிட்டால் காயம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. சிறுநீர்க் குழாய் வைத்திருந்தவருக்கு எரிச்சலும் கலங்கிய சிறுநீரும், ஊசி செருகிய கையில் சிவந்த தடிப்பும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதோடு மூச்சும் வாங்கினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குடலை வெட்டி இணைத்தவருக்கு வயிறு உப்பி, வலி கூடி, காய்ச்சலும் வந்தால் தையல் கசிகிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

முதல் இரண்டு நாள் காய்ச்சல் பரவாயில்லை என்ற கணக்குக்கும் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குளோஸ்ட்ரிடியம் கிருமிகள் ஒரே நாளில் தசை வரை அரித்துவிடும். அரிதுதான். காயம் மேலே சாதாரணமாகத் தெரியும், ஆனால் பார்ப்பதற்குப் பொருந்தாத கடும் வலி இருக்கும், ஆள் குழம்பிப் பேசுவார், அப்புறம் தோல் ஊதா நிறமாகிக் கொப்பளம் கிளம்பும். இதற்கு மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது.

முதியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இன்னொரு சிக்கல்: தொற்று முற்றினாலும் தெர்மாமீட்டர் 99ஐத் தாண்டாமலேயே இருக்கலாம். அவர்கள் சாப்பிட மறுத்தாலோ, திடீரென்று மந்தமானாலோ, படுத்திருக்கும்போதே நாடி நூறுக்கு மேல் ஓடினாலோ, காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாமல் அழைத்து வாருங்கள்.