புது பட்டரி போட்டும் 'Battery Saver' வருதா? அல்டர்னேட்டர கழட்ட முதல் இத வாசிங்க

போன மாசம் பெரியகல்லாறுப் பக்கம் ஒரு சேர் கார கொண்டு வந்தாரு, சிக்னல்ல எஞ்சின் தானா நிக்கிற ஐடில் ஸ்டொப் உள்ள ஜப்பான் கார், காலையில ஸ்டார்ட் பண்ணினா மீட்டர்ல Battery Saver எண்டு வருதாம், ஏசி புளோவர் தன்ட பாட்டுல இறங்குதாம். "தம்பி, பட்டரி மாத்தி மூண்டு கிழமதான் ஆகுது, மாத்தி ஒரு கிழமையில மெசேஜ் திரும்ப வந்துட்டு, மறுகா ஒரு கராஜில காட்டினா அல்டர்னேட்டர் வீக் எண்டு சொல்லிட்டாங்க" எண்டாரு. ஏன் வீக் எண்டு கேட்டா, மூடி வச்சிருந்த காருக்கு பட்டரிய வெளிய சார்ஜ் போட்டு பூட்டி, எஞ்சின ஓடவிட்டு மீட்டர் வச்சு பாத்திருக்காங்க, 12.7 வோல்ட்தான் காட்டியிருக்கு.

நாங்கெல்லாம் படிச்ச கணக்கு என்னண்டா எஞ்சின் ஓடினா 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டோணும், அதுக்கு கீழ எண்டா அல்டர்னேட்டர் கூடாது. பழைய லான்சருக்கும் சன்னிக்கும் அது சரி. ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள கார்ல இந்தக் கணக்கு ஆள ஏமாத்தும், ஏன் எண்டா அங்க அல்டர்னேட்டர் எவ்வளவு வோல்ட் குடுக்கணும் எண்டு முடிவெடுக்கிறது எஞ்சின் கம்ப்யூட்டர். பட்டரிட மைனஸ் முனையில கிளாம்போட சேர்ந்த மாதிரி ஒரு சின்ன சென்சர் இருக்கும், அதுதான் எவ்வளவு கரண்ட் உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருது, என்ன சூடு எண்டு கணக்கு வச்சு கம்ப்யூட்டருக்கு சொல்லுது. பட்டரி நிறைவா இருந்தா கம்ப்யூட்டர் வோல்ட்ட இறக்கி வச்சிடும், எஞ்சினுக்கு பாரம் குறைஞ்சா பெற்றோல் மிச்சம். பிரேக் பிடிச்சு கார் ஸ்லோ ஆகுற நேரம் வோல்ட்ட ஏத்தி சும்மா போற சக்திய பட்டரிக்குள்ள அனுப்பும். அதனால சார்ஜ் ஆன பட்டரியோட ஐடில்ல 12.7 காட்டினா அது குறையில்ல.

அப்ப எப்படி பாக்கிறது? எஞ்சின் ஓட ஓட ஹெட்லைட், புளோவர் ஃபுல், பின் கண்ணாடி ஹீட்டர் மூண்டையும் போட்டுட்டு ஒரு நிமிஷம் விட்டு பாருங்க. சேர்ட கார்ல 14.3க்கு ஏறி நிண்டுச்சு. அவ்வளவுதான், அல்டர்னேட்டர் நல்லா இருக்கு. இப்படியெல்லாம் போட்டும் 12.5லயே நிக்குது, இல்ல சிவப்பு பட்டரி லைட்டும் சேர்ந்து எரியுது எண்டா அது வேற கதை, பெல்ட்டயும் அல்டர்னேட்டரயும் உடனே பாக்கோணும், அந்தக் கார ஓட்டிக்கொண்டு தூரப் பயணம் போக ஏலாது.

மெசேஜ் எண்டுறது கார் உங்களுக்கு சொல்லுறது, ஆனா அதுக்கு முதலே கார் தன்ட வேலைய தொடங்கி இருக்கும். பட்டரி இறங்கினா கம்ப்யூட்டர் முதல்ல ஐடில் ஸ்டொப்ப நிப்பாட்டும், ஐடில் வேகத்த கொஞ்சம் ஏத்தும். அதோடயும் சரிவராட்டி பின் கண்ணாடி ஹீட்டர், சீட் ஹீட்டர் இருந்தா அது, மறுகா புளோவர் எண்டு ஒவ்வொண்டா குறைக்கும், எந்த வரிசை எண்டது காருக்கு கார் மாறும். நம்மட ஊர்ல சீட் ஹீட்டர் ஆர் போடுறா, அதனால நமக்கு கண்ணுக்கு தெரியிற முதல் அடையாளம் சிக்னல்ல எஞ்சின் நிக்காம ஓடுறதுதான். "ஐடில் ஸ்டொப் பழுதாப் போச்சு" எண்டு வாற ஆக்கள்ல கன பேருக்கு பழுது ஐடில் ஸ்டொப்ல இல்ல, பட்டரில. கல்லடி பீச்சில எஞ்சின ஓஃப் பண்ணி பாட்டு கேட்டுக்கொண்டிருக்கக்குள்ள ரேடியோ தானா நிண்டுபோறதும் இதே காவல்தான், திரும்ப ஸ்டார்ட் பண்ண மிச்சம் வைக்குது, அதுக்காக பயப்படத் தேவையில்ல.

சரி, சேர்ட காருக்கு வருவம். பட்டரி புதுசு, அல்டர்னேட்டர் நல்லம், அப்ப ராவுல எங்கயோ கரண்ட் போகுது. கார மூடி, எல்லாம் தூங்க அரை மணித்தியாலம் விட்டு, மைனஸ் கேபிள்ல கிளாம்ப் மீட்டர போட்டு பாத்தா 0.03 அம்பியர். 0.05க்கு கீழ எண்டா நல்லம். கார்ல ஒண்டும் இல்ல எண்டு நானும் அனுப்பிட்டன். ரெண்டு நாள்ல திரும்ப வந்தாரு.

ரெண்டாம் தடவதான் கண்ண திறந்து பாத்தன். கார்ல டேஷ் கேம் ஒண்டு, பார்க்கிங் மோடோட, ஆரோ ஒரு ஆள் வயர் பண்ணியிருக்காரு, அதுட கறுப்பு வயர கொண்டு போய் பட்டரிட மைனஸ் முனையிலேயே நட்டுல இறுக்கியிருக்கு. நான் கிளாம்ப் போட்டது சென்சருக்கு அங்கால பெரிய கேபிள்ல, அந்தச் சின்ன வயர் கிளாம்புக்கு வெளிய. அத தனிய பிடிச்சா 0.3 அம்பியர். என்ட கண்ணுக்கு தெரியாம போன மாதிரியே காருட சென்சருக்கும் அது தெரியல்ல, ஏன் எண்டா அந்தக் கரண்ட் சென்சருக்குள்ளால போகவே இல்ல.

கணக்கு போட்டு பாருங்க. சேருக்கு வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் எட்டு நிமிஷம், போக ஒண்டு வர ஒண்டு. மிச்ச நேரமெல்லாம் கேமரா ஓடுது, 23.7 மணித்தியாலம் பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 7.1 அம்பியர் மணி. ஓடுற பதினாறு நிமிஷத்தில பத்து அம்பியர் உள்ள போகுது எண்டு தாராளமா வச்சாலும் 2.7தான். ஒரு நாளைக்கு 4.4 குறையுது, அஞ்சு பள்ளிக்கூட நாள்ல 22, பட்டரியோ 45. கிழமை முடியக்குள்ள பாதி காலி. இதுக்குள்ள சென்சர் "வெளிய ஒண்டும் போகல்ல, பட்டரி நிறைவா இருக்கு" எண்டு நினைச்சு அல்டர்னேட்டர இறக்கி வச்சிருக்கும், உள்ள போற 10 அம்பியரும் அப்ப சந்தேகம். கார் தன்ட கணக்க திருத்திக் கொள்ளுறது பல மணித்தியாலம் ஒண்டும் தொடாம கிடந்து வோல்ட்ட பாத்துதான், நம்மட சேரோ ரா பத்து மணிக்கும் போய் ரிமோட்ட அமத்தி கதவு பூட்டியிருக்கா எண்டு பாக்கிற ஆள், ஒவ்வொரு தடவையும் கார் முழிக்கும். காலம்பற வோல்ட் 12.15ல நிக்கிறத பாத்தா அப்பதான் மெசேஜ் வரும்.

செஞ்சது நாலு வேலை. கறுப்பு வயர முனையில இருந்து கழட்டி பொடி போல்ட்டுல போட்டன், இனி அந்தக் கரண்ட் சென்சருக்குள்ளாலதான் போகும். கடற்கரைக் காத்துக்கு அந்த போல்ட் துருப்பிடிச்சிருந்ததால உப்புத்தாள் போட்டு தேச்சுட்டுத்தான் இறுக்கினன். கேமராட கட்-ஓஃப்ப 12.4 வோல்ட்டுக்கு வச்சன், வீட்டு கேட்டுக்குள்ள நிக்கிற காருக்கு பார்க்கிங் மோட் ஓஃப். பட்டரிய சார்ஜர் போட்டு நிறைச்சன், இதுலயும் சார்ஜர்ட மைனஸ பொடியிலதான் பிடிக்கோணும், முனையில பிடிச்சா நீங்க ஏத்துற கரண்ட்ட சென்சர் எண்ணாது, ஜம்ப் வயர் போடுறதுக்கும் இதேதான். மறுகா அண்டைக்கு ரா கார பூட்டி எட்டு மணித்தியாலம் கிட்டயும் போகாதீங்க எண்டன்.

அடுத்த நாள் காலம்பற 12.6. சிக்னல்ல எஞ்சின் நிக்குதாம். இன்னொண்டையும் பாத்தன், பட்டரி மாத்தினவங்க ஸ்கேனர் போட்டு புது பட்டரி எண்டு கம்ப்யூட்டருக்கு சொல்லவே இல்ல, அதையும் ரீசெட் பண்ணி விட்டன். எல்லா காருக்கும் இது தேவைப்படாது, தேவைப்படுற கார்ல விட்டா கம்ப்யூட்டர் பழைய பட்டரிட வயசுக்கே சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும். ஐடில் ஸ்டொப் காருக்கு அதுக்கெண்டே உள்ள பட்டரிய போட்டிருந்தாங்க, அந்த வகையில அவங்க செஞ்சது சரி.

சேர் ரா பத்து மணிக்கு கதவு பாக்கிற பழக்கத்த விடல்லயாம், இப்ப கைப்பிடிய இழுத்து பாக்கிறாராம்.