மோதிரத்தைத் திருப்பினால் என்ன மாறுகிறது?

லிடியா நாட்டு அரசனிடம் ஆடு மேய்க்கும் வேலையில் இருந்தான் ஒருவன். ஒருநாள் பெருமழையும் நிலநடுக்கமும் சேர்ந்து வந்து, அவன் மேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் தரை பிளந்தது. பிளவுக்குள் இறங்கியவன் அங்கே உள்ளீடற்ற வெண்கலக் குதிரை ஒன்றைக் கண்டான். அதன் பக்கவாட்டில் சிறிய கதவுகள் இருந்தன. எட்டிப் பார்த்தால், மனிதர்களைவிடப் பெரிய உருவத்தில் ஒரு பிணம். அதன் கையில் ஒரு தங்க மோதிரம். கழற்றி எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டான். மந்தைக் கணக்கை அரசனுக்கு அனுப்புவதற்காக இடையர்கள் மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்ளங்கைப் பக்கம் திருப்பினான். உடனே அருகில் இருந்தவர்கள், அவன் எழுந்து போய்விட்டதைப்போலப் பேசத் தொடங்கினார்கள். வெளிப்பக்கம் திருப்பியதும் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தான்.

பிறகு நடந்ததைக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அரசனிடம் செல்லும் தூதர்களில் ஒருவனாகப் போனான், அரசியை வசப்படுத்தினான், அவளோடு சேர்ந்து அரசனைக் கொன்றான், ஆட்சியைப் பிடித்தான். ‘கைஜீஸின் மோதிரம்’ என்று இன்று அறியப்படும் இந்தக் கதை ‘குடியரசு’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் வருகிறது. அதைச் சொல்பவன், அந்த நூலில் சாக்ரடீஸோடு விவாதிக்கும் கிளாக்கன். அவன் சொல்லும் கதையைவிட அவன் முன்வைக்கும் சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு மோதிரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை நேர்மையானவனுக்கும் மற்றதை நேர்மையற்றவனுக்கும் கொடுப்போம். இருவரும் கடைசியில் ஒரே வழியில்தான் போவார்கள் என்கிறான். மறைந்துகொள்ள முடிந்தும் பிறர் பொருளைத் தொடாத உறுதி யாருக்கும் இராது என்பது அவன் வாதம்.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க மாய மோதிரம் தேவையில்லை. மோதிரம் செய்யும் வேலை ஒன்றுதான்: செயலையும் அதைச் செய்தவரின் பெயரையும் பிறர் இணைத்துப் பார்க்க முடியாதபடி அறுத்துவிடுகிறது. ஒரு முகமூடியும் பெயர் சொல்லாத ஓர் அறையும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ 1969-இல் வெளியிட்ட சோதனை அப்படித்தான் அமைந்தது. கல்லூரி மாணவிகளில் ஒரு பகுதியினருக்குத் தொளதொள மேலங்கியும் தலையையும் முகத்தையும் மூடும் முக்காடும் கொடுத்தார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் முகம் தெரிய, பெயர்ச் சீட்டுடன் இருந்தார்கள். வேறொரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை இரு தரப்பும் அழுத்த வேண்டும். அந்தப் பெண் நடித்தாள், மின்சாரம் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. முக்காடு போட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கிளாக்கன் சொன்னது சரி என்றே தோன்றியது.

ஆனால் அந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. முக்காடு முகத்தை மறைத்தது மட்டுமில்லாமல், ஏதோ ஒன்றைச் சொல்லவும் செய்தது. அமெரிக்காவில் அப்படி ஓர் உடையைப் பார்த்தால் இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் நினைவுக்கு வரும். ஆகவே பொத்தானை நீட்டி அழுத்த வைத்தது மறைவா, உடையின் பொருளா?

இதைப் பிரித்துப் பார்க்க ஜான்சனும் டவுனிங்கும் 1979-இல் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். 60 மாணவிகள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குக் கிளான் அங்கி போன்ற உடை. தையல் தனக்குச் சரியாக வராது, அதனால் அப்படி அமைந்துவிட்டது என்று ஆய்வாளர் ஒரு காரணம் சொல்லிவிடுவார். மறுபாதிக்கு நர்ஸ் உடை. மருத்துவமனையிலிருந்து இரவல் வாங்கியது என்று சொல்லப்பட்டது. ஒவ்வொரு உடையிலும் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியும்படியும் மற்றவர்களுக்குத் தெரியாதபடியும் ஏற்பாடு. மறுமுனையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் அதிர்ச்சியின் அளவை மூன்று படி வரை ஏற்றலாம், மூன்று படி வரை இறக்கலாம். இறக்குவதற்கும் வழி வைத்ததில்தான் இந்தச் சோதனையின் நுட்பம் இருக்கிறது. சிம்பார்டோவின் பொத்தானால் கொடுமையை மட்டுமே அளக்க முடிந்தது. இரக்கத்தைக் காட்ட விரும்பியவருக்கு அங்கே இடமில்லை.

கிளான் அங்கி போட்டவர்கள் அளவை ஏற்றினார்கள். அடையாளம் மறைந்தபோது அது கூடிய அளவு சொற்பம்தான். நர்ஸ் உடையில் இருந்தவர்களிடம் நடந்தது வேறு. அடையாளம் மறைந்திருந்த நர்ஸ்கள், அடையாளம் தெரிந்த நர்ஸ்களைவிடவும் மென்மையாக நடந்துகொண்டார்கள். முகம் மறைவது ஒரு திசையை மட்டும் காட்டுவதில்லை. சொந்தப் பெயர் பின்னுக்குப் போகும் இடத்தில் உடுத்தியிருக்கும் உடையின் பாத்திரம் முன்னுக்கு வருகிறது. போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் இருவரும் 1998-இல் இத்தகைய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மறைந்தவுடன் மனிதர் கட்டவிழ்ந்துவிடுவார் என்ற பழைய கருத்துக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தந்தச் சூழலில் எது வழக்கமோ அதன் பக்கம் ஆட்கள் சாய்வதுதான் தெரிந்தது. மாயக் கதைகளில் ஒரே போர்வை ஒருவனைத் திருடனாகவும் இன்னொருவனைக் காவலனாகவும் ஆக்குவது எனக்கு இப்போது வினோதமாகத் தெரிவதில்லை.

உடைக்கு அளவுக்கு மீறிய சக்தியையும் கொடுத்துவிடக் கூடாது. மருத்துவர் அணியும் வெள்ளைக் கோட்டைப் போட்டால் கவனக் கூர்மை கூடும் என்று 2012-இல் வெளியான ஆய்வு மிகவும் பேசப்பட்டது. 2019-இல் வேறொரு குழு அதே சோதனையைக் கூடுதல் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. ஒரு மாயப்பொருள் வேலை செய்கிறது என்று நம்புவதற்கு முன், வேறொருவர் கையிலும் அது வேலை செய்ததா என்று பார்ப்பது அவசியம்.

ஆய்வுக்கூடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனைக்கு வந்திருப்பவருக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியும். மோதிரம் போட்டவனை யாரும் பார்ப்பதில்லை. இவர்களை ஒரு பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட் டீனரும் அவர் குழுவினரும் இதற்குக் கண்ட வழி ஹாலோவீன் இரவு. அன்று அமெரிக்கக் குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போவார்கள். சியாட்டில் நகரில் 27 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வந்த 1,352 குழந்தைகளைக் கவனித்தார்கள். முடிவுகள் 1976-இல் வெளியாயின.

வீட்டுக்குள் ஒரு மேஜை. அதில் ஒரு கிண்ணம் நிறைய சாக்லேட், இன்னொன்றில் சில்லறைக் காசு. கதவைத் திறக்கும் பெண், ஆளுக்கு ஒரு சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு உள்ளே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அலங்காரத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒருவர், துளை வழியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார். எல்லாக் குழந்தைகளும் வேடத்தில்தான் இருந்தார்கள். வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி: சிலரிடம் மட்டும் அந்தப் பெண் பெயரும் வீடும் கேட்டுவிட்டுப் போனாள்.

தனியாக வந்து, பெயர் சொல்லியிருந்த குழந்தைகளில் 7.5 சதவீதத்தினர் விதியை மீறினார்கள். தனியாக வந்து பெயர் சொல்லாதவர்களில் 21.4 சதவீதம். கூட்டமாக வந்து பெயர் சொன்னவர்களில் 20.8 சதவீதம். கூட்டமும் பெயரின்மையும் சேர்ந்த இடத்தில் அது 57.2 சதவீதமாக ஏறியது. முகமூடி எல்லா வரிசையிலும் ஒன்றேதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘உன் பெயர் என்னம்மா?’ என்ற ஒரு கேள்வி முகமூடியின் வேலையைக் கெடுத்துவிட்டது. மோதிரம் விரலில் இருந்தும் முகப்பு வெளிப்பக்கம் திரும்பிவிட்ட நிலை அது.

இதிலேயே இன்னொரு படியும் வைத்திருந்தார்கள். சில கூட்டங்களில், இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைக் காட்டி, ஏதாவது குறைந்தால் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். யார் பெயரும் தெரியாத அந்தக் கூட்டங்களில் மீறல் சுமார் 80 சதவீதத்தைத் தொட்டது. யாரென்று தெரியாதது போதாதென்று, பழி விழவும் வேறோர் ஆள் தயாராக இருந்தான். இடையன் கதையில் பழியை வேறொருவர் மேல் போடும் இந்தப் பகுதி இல்லை. அதிகாரப் பொருள்களைப் பற்றிய பல பிற்காலக் கதைகளில் இது இருக்கிறது. ‘பொருள்தான் என்னைச் செய்ய வைத்தது’ என்று சொல்ல இடம் கொடுக்கும் மோதிரம், அணிந்தவனுக்குத் தன்னையே அந்தச் சின்னப் பிள்ளையாக நீட்டிவிடுகிறது.

இதே எண்களைக் கிளாக்கனிடம் காட்டினால் அவனுக்குச் சங்கடம். தனியாக, பெயர் தெரியாமல், திறந்த கிண்ணத்தின் முன் நின்ற குழந்தைகளில் ஐந்தில் நான்கு பங்கினர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சாக்லேட்டுக்கும் ராஜ்யத்துக்கும் தூரம் அதிகம், வந்தவர்கள் குழந்தைகள், நின்றது சில நிமிடம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்ற உறுதிப்பாடு அந்த மேஜையருகே நிற்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-இல் வெளியான தொடர் ஆய்வில் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். கை நீட்டும் குழந்தைக்குத் தன் உருவம் தெரியும். பெயர் சொல்லியிருந்த குழந்தைகளிடம், அதிலும் சற்றுப் பெரியவர்களிடம், மீறல் குறைந்தது. பெயர் சொல்லாதவர்களிடம் கண்ணாடி எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. வேடம் போட்ட பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது ஒரு பேயை அல்லது கடற்கொள்ளையனை. சற்று முன்பு வாயால் சொன்ன சொந்தப் பெயர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தால்தான் அந்த உருவத்துக்குள் தன்னைக் காண முடிகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உடலே மறைந்துபோனால் எப்படி இருக்கும் என்பதையும் ஓரளவு அளந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் குட்டெர்ஸ்டாம், அப்துல்கரீம், எர்சன் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 125 பேர் பங்கேற்றார்கள். தலையில் மாட்டும் திரையை அணிந்துகொண்டு, குனிந்து தங்கள் உடலைப் பார்க்கச் சொன்னார்கள். வெற்றிடத்தை நோக்கி வைத்த கேமராவின் காட்சிதான் திரையில் தெரிந்தது. ஆய்வாளர் ஒரு கையால் தூரிகையை எடுத்து நிஜ உடலில் வருடுவார். அதே நேரத்தில், அதே அசைவோடு, கேமரா பார்க்கும் வெற்றிடத்தில் மறு கையால் இன்னொரு தூரிகையை அசைப்பார். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலோர் அந்தத் தொடு உணர்வை வெற்றிடத்தில் உணரத் தொடங்கினார்கள். அங்கே கத்தியைக் கொண்டுபோனால் வியர்த்தது. இரண்டு தூரிகைகளின் அசைவும் ஒத்துப்போகாவிட்டால் மாயை கலைந்துவிடும்.

பிறகு அவர்கள் முன் ஒரு கூட்டம் நின்று உற்றுப் பார்ப்பதாகத் திரையில் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் உடல் இருப்பதாக உணர்ந்தவர்களைவிட, உடல் மறைந்ததாக உணர்ந்தவர்களுக்கு இதயத் துடிப்பும் பதற்றமும் குறைவாக இருந்தன. யாரும் அவர்களுக்கு எதையும் திருடச் சொல்லவில்லை, எந்தப் பாத்திரமும் கொடுக்கவில்லை. பிறர் பார்வை பட்டதும் உடம்பில் எழும் படபடப்பு மட்டும் தணிந்தது. இந்த நிலையில் இருப்பவர் சரி தவறை எப்படித் தீர்மானிப்பார் என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஆய்வாளர்கள், அப்போது பிளேட்டோவைக் குறிப்பிட்டார்கள்.