வரிசையில் நிற்பதற்குச் சம்பளம்

பங்கு வாங்கி விற்பவர்கள் தங்கள் கான்ட்ராக்ட் நோட்டை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால், எக்ஸ்சேஞ்ச் வசூலிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம் என்று ஒரு வரி தென்படும். நம் ஊரில் வாங்கினாலும் விற்றாலும் அந்தக் கட்டணம் உண்டு. அமெரிக்காவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் வழக்கம் வேறு. அங்கே ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் ஒருவரிடம் கட்டணம் வாங்கி, அதில் பெரும்பகுதியை எதிரே நின்றவரிடமே கொடுத்துவிடுகிறார்கள்.

யாரிடம் வாங்குவது, யாருக்குக் கொடுப்பது? வாங்குபவரா விற்பவரா என்பது இங்கே கணக்கில்லை. முதலில் வந்து காத்திருந்தவர் யார், பின்னால் வந்து எடுத்துக்கொண்டவர் யார் என்பதுதான் கேள்வி. ஒரு பங்கை 20.00 டாலருக்கு வாங்கத் தயார் என்று ஒருவர் ஆர்டர் போடுகிறார். அந்த விலைக்கு விற்க அப்போது ஆள் இல்லை. காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கில் அது போய் உட்கார்கிறது. இவர் மேக்கர். சற்று நேரம் கழித்து வேறொருவர் வந்து அந்த 20.00க்கே விற்றுவிட்டுப் போனால் அவர் டேக்கர். இந்த விலைக்குத்தான் என்று வரம்பு சொல்லி லிமிட் ஆர்டர் போட்டாலே மேக்கர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எதிர்ப்பக்கம் 20.01க்கு விற்கக் காத்திருப்பவர் இருக்கும்போது 20.01க்கே லிமிட் போட்டு வாங்கினால் நீங்கள் டேக்கர்தான். இந்தத் தவறு நேராமலிருக்க 'போஸ்ட் ஒன்லி' என்றே ஓர் ஆர்டர் வகை உண்டு. புக்கில் போய் நிற்க முடிந்தால் நிற்கும். உடனே நிறைவேறிவிடும் நிலை வந்தால் ரத்தாகும், அல்லது விலையைத் தானே மாற்றிக்கொள்ளும்.

காத்திருப்பவருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? காத்திருப்பது இலவச வேலை இல்லை. 20.00க்கு வாங்குவேன் என்று ஊரறிய எழுதி வைத்தவர், கெட்ட செய்தி ஏதாவது வந்தால் ஆர்டரைத் திரும்பப் பெறுவதற்குள் மாட்டிக்கொள்வார். ஆனால் அப்படி எழுதி வைக்க ஆள் இருந்தால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு வியாபாரம். 1997-ல் நியூயார்க்கின் ஐலண்ட் என்ற மின்னணுச் சந்தை இந்த முறையைக் கொண்டுவந்தபோது அது புதிய கடை. ஏற்கெனவே கூட்டமாக இருந்த இடங்களிலிருந்து ஆர்டர்களைத் தன் பக்கம் இழுக்க இந்தச் சில்லறை உதவியது. மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

இந்தச் சில்லறையை எண்ணும் அலகு மில். ஒரு சென்ட்டில் நூற்றில் ஒரு பங்கு. 2005-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி, டேக்கரிடம் பங்குக்கு 30 மில்லுக்கு மேல், அதாவது 0.0030 டாலருக்கு மேல், வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. (ஒரு டாலருக்குக் குறைந்த பங்குகளுக்குக் கணக்கு வேறு.) உச்சவரம்பு என்று சொன்னது நாளடைவில் வழக்கமான விலையாகவே ஆகிவிட்டது. டேக்கரிடம் 30 மில் வாங்கி, மேக்கருக்கு 28 கொடுத்து, மீதி 2 மில்லை எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பங்குக்கு டேக்கர் கட்டுவது 3 டாலர், ரிபேட் என்ற பெயரில் மேக்கருக்குக் கிடைப்பது 2.80, எக்ஸ்சேஞ்சுக்கு 20 சென்ட்.

இப்போது திரையில் தெரியும் விலையைப் பாருங்கள். வாங்கக் காத்திருப்பவர் விலை 20.00, விற்கக் காத்திருப்பவர் விலை 20.01, இடைவெளியான ஸ்ப்ரெட் ஒரு சென்ட். ஆனால் டேக்கராக வந்து வாங்குபவருக்கு உண்மையில் ஆகும் செலவு 20.013. விற்பவர் கையில் நிற்பது 19.997. ஆக நிஜ இடைவெளி 1.6 சென்ட். மேக்கர் ஒருபக்கம் வாங்கி மறுபக்கம் விற்றால் ஸ்ப்ரெட்டில் ஒரு சென்ட், அதற்கு மேல் ரிபேட்டில் அரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். விலையை ஒரு சென்ட்டுக்குக் குறைந்த படியில் எழுத முடிந்திருந்தால், மேக்கர்கள் தங்களுக்குள் போட்டி போட்டு ரிபேட்டை விலையிலேயே விட்டுக்கொடுத்திருப்பார்கள். சட்டம் படியை ஒரு சென்ட் என்று கட்டிப்போட்டதால் ரிபேட் விலைக்கு வெளியே தனியாக ஓடுகிறது.

வாடிக்கையாளருக்கு அடி விழும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. கட்டணமும் ரிபேட்டும் பெரும்பாலும் ப்ரோக்கர் கணக்கில்தான் போய்ச் சேர்கின்றன. எந்த எக்ஸ்சேஞ்சுக்கு ஆர்டரை அனுப்புவது என்று முடிவெடுப்பவரும் அவரே.

நீங்கள் 500 பங்கை 20.00க்கு வாங்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் எக்ஸ்சேஞ்ச் மேக்கருக்கு 28 மில் கொடுக்கிறது. எல்லோருக்கும் அந்தக் காசு வேண்டும் என்பதால் உங்களுக்கு முன்னால் 30,000 பங்கு வரிசையில் நிற்கிறது. இரண்டாவது எக்ஸ்சேஞ்சில் தலைகீழ் முறை: டேக்கருக்குத்தான் காசு, மேக்கர் 18 மில் கட்ட வேண்டும். அங்கே வரிசை 2,000 பங்குதான். (இப்படித் தலைகீழாக நடக்கும் சந்தைகள் உண்மையிலேயே உண்டு, நாஸ்டாக் பிஎக்ஸ், சிபோ பிஒய்எக்ஸ் இரண்டும் அந்த ரகம்.) ப்ரோக்கருக்கு முதல் இடத்தில் 1.40 டாலர் வரவு, இரண்டாம் இடத்தில் 90 சென்ட் செலவு. அவர் முதல் இடத்துக்கு அனுப்புகிறார்.

இப்போது 3,000 பங்கு விற்க ஒருவர் வருகிறார். இரண்டு இடத்திலும் விலை 20.00. அவர் டேக்கர், தனக்குக் காசு தரும் இரண்டாவது இடத்துக்குத்தான் முதலில் போவார். அங்கிருந்த 2,000 தீர்ந்தபின் மீதி 1,000 முதல் இடத்துக்கு வரும். முப்பதாயிரம் பங்கு நிற்கும் வரிசையில் அது முன்னால் நிற்பவர்களுக்கே போதாது. நீங்கள் இரண்டாவது இடத்தில் நின்றிருந்தால் உங்கள் 500-ம் அப்போதே முடிந்திருக்கும். விலை 20.03க்கு ஏறுகிறது. விட்டதைப் பிடிக்க அந்த விலைக்கு வாங்கினால் 15 டாலர் அதிகம். ப்ரோக்கர் பார்த்த வித்தியாசம் 2.30.

விலை ஏறாமல் இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் இன்னும் மோசம். 30,000 பங்கு தீர்ந்து உங்கள் முறை வர வேண்டுமென்றால் விற்பவர்கள் அலையாக வந்திருக்க வேண்டும். உங்கள் ஆர்டர் நிறைவேறும் கணத்தில் 20.00 என்ற படியே காலியாகி, விலை 19.98க்குப் போய்க்கொண்டிருக்கும். ஏறும்போது கிடைப்பதில்லை, இறங்கும்போது தவறாமல் கிடைக்கிறது. நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவரின் கதி இது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆர்டர் நிறைவேறிய ஒரு நொடிக்குப் பிறகு, பத்து நொடிக்குப் பிறகு விலை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் வாரியாகக் குறித்துவைத்து, நிறைவேறாமல் போனவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். பெரிய நிதி நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. சில்லறை முதலீட்டாளர் கையில் அந்தத் தரவு இருப்பதில்லை. பட்டாலியோ, கார்வின், ஜென்னிங்ஸ் என்ற மூன்று பேராசிரியர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, ரிபேட்டை மட்டும் பார்த்து அனுப்பப்படும் லிமிட் ஆர்டர்கள் இந்த இரண்டு வகையிலும் பின்தங்குவதைக் காட்டியது.

ரிபேட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எஸ்இசி 2018-ல் ஒரு முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தது. எக்ஸ்சேஞ்சுகள் வழக்குப் போட்டன. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு 2024 செப்டம்பரில் எஸ்இசி சோதனை எதுவும் இல்லாமல் நேரடியாக உச்சவரம்பை 30 மில்லிலிருந்து 10 மில்லாகக் குறைத்து விதி போட்டது. சில பங்குகளுக்கு அரை சென்ட் படியும், கட்டணமும் ரிபேட்டும் எவ்வளவு என்பது பரிவர்த்தனை நடக்கும்போதே தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அதுவரை மாத வியாபார அளவைப் பொறுத்து ரிபேட் மாறியதால், மாதம் முடிந்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். இந்த விதி அமலாகும் நாளும் தள்ளிவைக்கப்பட்டது. அமலானால், மேலே சொன்ன 500 பங்குக்கு முதல் எக்ஸ்சேஞ்ச் டேக்கரிடம் வாங்கக்கூடியதே 50 சென்ட்தான். ப்ரோக்கருக்கு அந்த 1.40-ஐக் கொடுக்க அதனிடம் பணம் இருக்காது.