மூன்று மாதம் பின்னே தள்ளுங்கள், நிதியாண்டு தெரியும்

2025 பிப்ரவரி 14 தேதியிட்ட பில் எந்த நிதியாண்டில் சேரும்? கணக்கு எழுதிப் பழகியவர் உடனே சொல்லிவிடுவார்: 2024-25, நான்காம் காலாண்டு. ஆயிரம் பில்கள் உள்ள எக்செல் தாளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்கு ஒரு விதி வேண்டும்.

சிலர் பன்னிரண்டு மாதங்களுக்கும் IF மேல் IF அடுக்குகிறார்கள். அது தேவையே இல்லை. இந்திய அரசின் நிதியாண்டு 1867 முதல் ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. நாட்காட்டி ஜனவரியில் தொடங்குகிறது. இடைவெளி சரியாக மூன்று மாதம். எந்தத் தேதியையும் மூன்று மாதம் பின்னே தள்ளினால் ஏப்ரல் ஜனவரியாகிவிடும். மார்ச் முந்தைய ஆண்டின் டிசம்பராகிவிடும். பிறகு சாதாரண ஆண்டையும் காலாண்டையும் பார்த்தால் போதும்.

```
=YEAR(EDATE(A2,-3))
=ROUNDUP(MONTH(EDATE(A2,-3))/3,0)
```

நம் பில்லின் தேதி 2024 நவம்பர் 14 ஆகிறது. ஆண்டு 2024 என்பதால் நிதியாண்டு 2024-25. மாதம் 11, மூன்றால் வகுத்தால் 3.67, மேல்நோக்கி முழுமையாக்கினால் 4. மே 31-ஐத் தள்ளும்போது பிப்ரவரியில் 31 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். EDATE பிப்ரவரியின் கடைசி நாளிலேயே நின்றுவிடும், மாதம் மாறாது.

மூன்று மாதம் என்பதை 90 நாள் என்று எண்ணிக் கழிப்பதுதான் பெரிய தவறு. 2025 ஜூன் 30-இலிருந்து 90 நாள் கழித்தால் ஏப்ரல் 1 வரும். முதல் காலாண்டின் கடைசி நாள் இரண்டாம் காலாண்டுக்குத் தாவிவிடும். லீப் ஆண்டில் இன்னும் மோசம்: 2024 மார்ச் 31-இலிருந்து 90 நாள் கழித்தால் 2024 ஜனவரி 1. ஆண்டின் கடைசி நாள் கணக்கு முழுவதும் அடுத்த நிதியாண்டில் போய் உட்காரும். மற்ற பெரும்பாலான நாட்களுக்கு விடை சரியாகவே வருவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. எனவே சூத்திரம் எழுதியதும் மார்ச் 31, ஏப்ரல் 1, ஜூன் 30, ஜூலை 1 ஆகிய தேதிகளைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறினால் தேதியையே சந்தேகிக்க வேண்டும். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3. அதாவது 2025-26, முதல் காலாண்டு. அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை மார்ச் 4 என்று படித்து, 2024-25-இன் நான்காம் காலாண்டில் சேர்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 25/04/2025 போன்ற தேதிகளில் 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் எக்செல் அவற்றை வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிவைக்கும். தேதியாக ஏற்றுக்கொண்டவை வலப்பக்கம் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.