பழி கள்ளின் மேல், கோளாறு இரும்பில்

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகாவில் டாக்டராக இருந்தால் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. யாருக்காவது கல்லீரல் டெஸ்டில் ஏதாவது ஏறியிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை, கள்ளு என்று எழுதிவிடலாம். இந்தப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிற இடமெல்லாம் கள்ளுக்கடை இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் சாயங்காலம் ஆட்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அந்தப் பதில் சரியாகவும் இருக்கும் என்பதுதான் தொல்லையே.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பும் நாலு மாடும் வைத்திருக்கிற ஒருவர், வயது 47, ஒல்லியான ஆள், போன வருஷம் வந்தார். அசதி, ரெண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் வலி, பால் கறக்க முடியவில்லை. ஆறு மாதம் முன்னால் சர்க்கரை வேறு வந்துவிட்டது. ஏற்கனவே வேறொரு இடத்தில் ஃபெரிட்டின் பார்த்து 1840 என்று வந்திருக்கிறது, ‘கள்ளை நிறுத்து’ என்று அனுப்பிவிட்டார்கள். கூடவே அசதிக்கு ஒரு இரும்புச்சத்து டானிக். ஃபெரிட்டின் 1840 உள்ள ஆளுக்கு இரும்பு டானிக்! எழுதியவர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கு மாதிரி. ஆனால் அது ஏறுவதற்குக் கிடங்கு நிறைந்திருக்க வேண்டும் என்றில்லை. காய்ச்சல், கொழுப்புக் கல்லீரல், குடி, சர்க்கரை, மூட்டு வீக்கம் எது வந்தாலும் ஏறும். அதனால் அது தனியாக ஏறியிருந்தால் நான் அவசரப்படுவதில்லை. அடுத்துக் கேட்கிற கேள்வி டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் எவ்வளவு என்பதுதான்.

வேலந்தாவளம் செக்போஸ்டில் நிற்கிற லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இரும்பை ஏற்றிக்கொண்டு ஓடுகிற லாரிதான் டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதம். எல்லா லாரியும் சேர்ந்து எவ்வளவு சுமக்க முடியுமோ, அதில் எவ்வளவு இப்போது ஏறியிருக்கிறது என்பதே சாச்சுரேஷன். சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு சுமைதான் இருக்கும். 45 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். கணக்கும் சுலபம்: ரத்தத்தில் உள்ள இரும்பை, டி.ஐ.பி.சி. என்று ரிப்போர்ட்டில் வருகிற மொத்தச் சுமக்கும் திறனால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அவருக்கு இரும்பு 198, திறன் 240. அதாவது 82 சதவீதம்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது. ரத்தத்தின் இரும்பு அளவு ஒரே நாளில் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாறும், முந்தின நாள் குடித்த டானிக்கே அதை ஏற்றிவிடும். டானிக்கை நிறுத்தி ரெண்டு வாரம் கழித்து, காலையில் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தோம். சாச்சுரேஷன் 78. அதே வாரம் என்னிடம் வந்த இன்னொருவருக்கு ஃபெரிட்டின் 900, சாச்சுரேஷன் 31. அவருக்குக் கொழுப்புக் கல்லீரலும் கள்ளும்தான், அவரிடம் கள்ளை நிறுத்தச் சொன்னது சரியான வைத்தியம்.

தோப்புக்காரருக்கு ஹீமோகுளோபின் 15, சிவப்பணுக்களின் அளவும் சரி. இதைப் பார்க்காமல் நகரக்கூடாது, ஏனென்றால் நம் நாட்டில் இரும்பு மிஞ்சுவதற்குத் தலசீமியா மாதிரியான ரத்த நோய்களும் ஒரு முக்கியக் காரணம், அந்த நோயாளிகளுக்கு, இரும்பைக் குறைக்க ரத்தம் எடுக்கிற வைத்தியத்தைச் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.யில் கல்லீரல் முழுக்க இரும்பு. பரம்பரையாக இரும்பு மிஞ்சுகிற ஹீமோகுரோமடோசிஸ் நோயா என்று பார்த்த ஜீன் டெஸ்டில், அந்த நோயுள்ள ஐரோப்பியர்களிடம் வழக்கமாகக் கிடைக்கிற எச்.எஃப்.இ. ஜீனின் சி282ஒய் மாற்றம் இல்லை. நம்மவர்களிடம் அது அபூர்வம், ‘ஜீன் டெஸ்ட் நெகட்டிவ், ஒன்றுமில்லை’ என்று பலரை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். விரிவாகப் பார்த்ததில் டி.எஃப்.ஆர்.2 என்கிற இன்னொரு ஜீனின் ரெண்டு பிரதியிலும் பழுது. அவர் அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை, அதனால் ஒரே பழுது ரெண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது.

அந்தப் பழுது என்ன செய்கிறது? கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது, அதுதான் செக்போஸ்ட் காவல்காரர். உடம்பில் இரும்பு போதும் என்றானதும் குடலிலிருந்து இரும்பு உள்ளே வருகிற கதவை அது சாத்தும். இவருக்கு அந்தக் காவல்காரர் தூங்கிவிட்டார், லாரி வந்துகொண்டே இருக்கிறது. சரி, மிஞ்சியதை உடம்பு வெளியே தள்ளலாமே என்றால் அதற்கு வழியே கிடையாது. உதிர்கிற தோல், குடல் செல்கள் மூலம் நாளைக்கு ஒரு மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். மிச்சம் கல்லீரலிலும் கணையத்திலும் மூட்டிலும் இதயத்திலும் படிகிறது. (கள்ளுக்கும் இதில் பங்கு உண்டு, மது ஹெப்சிடினை இன்னும் குறைக்கும். முழுப் பழியும் அதன் மேல் இல்லை, அவ்வளவே.)

வெளியே போக வழி இல்லாததால்தான் ரத்தத்தை எடுக்கிறோம். அவரிடம் சொன்னதும், “ஏனுங்க டாக்டரே, ஊரெல்லாம் ரத்தம் பத்தலைனு ஏத்துறாங்க, எனக்கு மட்டும் எடுத்துக் கீழ ஊத்தறதுங்களா?” என்றார். நியாயமான கேள்வி. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 350 மில்லி பையில், ஹீமோகுளோபின் 15 உள்ளவருக்கு, 52 கிராம் ஹீமோகுளோபின், அதாவது ஏறக்குறைய 180 மில்லிகிராம் இரும்பு. உடம்பு தானாக ஆறு மாதத்தில் இழப்பதை ஒரு பை எடுத்துவிடுகிறது. அதோடு நிற்பதில்லை, போன ரத்தத்தை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு வேண்டும், அது கல்லீரலில் தேங்கியதை உருவிக்கொள்ளும்.

முதலில் வாரம் ஒரு பை, நடவு, திருவிழா வந்தால் ரெண்டு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஹீமோகுளோபின் பார்ப்போம், 12-க்குக் கீழே போன ரெண்டு தடவை தள்ளிப்போட்டோம். பதினோரு மாதத்தில் 26 பை, சுமார் நாலரை கிராம் இரும்பு. ஆரோக்கியமான ஒருவர் உடம்பில் மொத்தமாக இருப்பதே மூன்று நாலு கிராம்தான்.

நடுவில் ரெண்டு விஷயம் எங்களைக் குழப்பப் பார்த்தது. ஃபெரிட்டின் இறங்கிக்கொண்டே வந்தும் சாச்சுரேஷன் 70-க்கு மேலேயே நின்றது. இது எதிர்பார்க்க வேண்டியது, கிடங்கு கிட்டத்தட்ட காலியான பிறகுதான் அது இறங்கும், அதனால் எப்போது நிறுத்துவது என்பதை ஃபெரிட்டினை வைத்து முடிவு செய்கிறோம், 50-க்குப் பக்கத்தில். இன்னொன்று, மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டான எச்.பி.ஏ.1.சி. 5.6 என்று வந்ததும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டு மிஷினில் காலைச் சர்க்கரை 170. அடிக்கடி ரத்தம் எடுத்தால் உடம்பில் இருப்பதெல்லாம் புது சிவப்பணுக்கள், அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது, அந்த டெஸ்ட் பொய் சொல்லும்.

இப்போது ஃபெரிட்டின் 60. அசதி போய்விட்டது, கல்லீரல் என்சைம் இறங்கிவிட்டது, சர்க்கரை மாத்திரை பாதியானது. விரல் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. மூட்டுக்கு இந்த வைத்தியம் பெரிதாக உதவாது என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன், இருந்தாலும் அவருக்கு வருத்தம்தான். இனி மூன்று மாதத்துக்கு ஒரு பை, ஆயுசு முழுக்க. முருங்கைக்கீரையை விட வேண்டாம் என்றேன், இரும்பு டானிக்கும் வைட்டமின் சி மாத்திரையும் கள்ளும் கூடாது.

அண்ணனையும் தங்கையையும் கூட்டிவரச் சொன்னேன். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அண்ணனுக்குச் சாச்சுரேஷன் 24 சதவீதம், அவர் ஜீனிலும் ஒன்றுமில்லை. தங்கைக்கு 43 வயது, ஒரு தொந்தரவும் கிடையாது, “எனக்கென்னங்க, நான் நல்லாத்தான இருக்கேன்” என்று வேண்டாவெறுப்பாகத்தான் கையை நீட்டினார். ஃபெரிட்டின் 260, அதை மட்டும் பார்த்திருந்தால் நானே விட்டிருப்பேன். சாச்சுரேஷன் 61. மாதவிடாயும் ரெண்டு பிரசவமும் இத்தனை நாள் அவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கின்றன, அது நிற்கப்போகிற வயதில் பிடித்திருக்கிறோம். அவருக்கு இதுவரை மூன்று பைதான் எடுத்திருக்கிறோம்.